பன்னிரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் தப்பிய பால் கணக்கு: நிர்வாகத்துக்கு என்ன எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | 14 ஜூன் 2025, மாலை 6.10

வணக்கம். பாலக்காடு எல்லையில் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் டேட்டா பிரிவைப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை 64 சேகரிப்பு மையங்கள். ஒரு நாளைக்குச் சராசரி 31,000 லிட்டர்.

மையத்தில் பாலை எடை போட்டு ஃபேட் பார்த்ததும் மெஷின் சீட்டு அடித்துக் கொடுக்கும். அன்றைய பதிவு முழுவதும் ஒரு ஃபைலாக ராத்திரி எங்கள் சர்வருக்கு வரும். 53 மையங்களில் புது மெஷின், தேதியை 2025-06-02 என்று எழுதும். மீதி 11 மையங்களில் பழைய மெஷின், 02/06/2025 என்று எழுதும். பல வருஷமாக இரண்டும் ஒரே ஸ்கிரிப்டில் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

மே 31 ராத்திரி கான்ட்ராக்டர் ஒருவர் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றினார். ஜூன் 13 ராத்திரி பழைய மெஷின் ஃபைல்கள் மட்டும் ஏறவில்லை. வந்த பிழை இது:

```
ERROR:  date/time field value out of range: "13/06/2025"
HINT:  Perhaps you need a different "datestyle" setting.
```

தோண்டிப் பார்த்தால் ஜூன் 1 முதலே அந்த 11 மையங்களின் பால் கணக்கில் சேரவில்லை. தினமும் 4,300 லிட்டர் போல. கான்ட்ராக்டர் இன்று காலையில் செட்டிங்கை மாற்றி, ஜூன் ஃபைல்களை மறுபடி ஏற்றிவிட்டார். ஜூன் கணக்கு இப்போது சரியாக இருக்கிறது.

எம்.டி. கேட்பது ஒன்றே ஒன்று. "ஏன் கெட்டது என்று சொல்லிவிட்டீர்கள். பன்னிரண்டு நாள் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள்." திங்கள்கிழமை கொடுக்க வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது:

"சர்வர் மாற்றத்தின்போது தேதி அமைப்பு மாறியதால் 11 மையங்களின் பதிவுகள் தவறான தேதியில் சேர்ந்தன. கண்காணிப்புக் குறைபாட்டால் இது கவனிக்கப்படவில்லை. தரவு முழுமையாக மீட்கப்பட்டது. இனி இவ்வாறு நிகழாது."

இது போதுமா?

வேலந்தாவளம் ரஃபீக் | மாலை 6.32

பிழையிலேயே பதில் இருக்கே ப்ரோ. போஸ்ட்கிரெஸ்ல `SHOW datestyle;` போட்டுப் பாருங்க. பழைய சர்வர்ல `ISO, DMY`, புதுசுல `ISO, MDY` இருந்திருக்கும். இன்ஸ்டால் பண்ணும்போது சர்வரோட லொகேல் என்னவோ அதைப் பார்த்து இதை எழுதி வச்சிடும். இந்திய லொகேல்னா நாள் முதல்ல, அமெரிக்க லொகேல்னா மாசம் முதல்ல. 02/06 பிப்ரவரி 6 ஆயிருக்கும். 13/06-க்கு 13-வது மாசம்னு ஒண்ணு இல்லாததால அன்னிக்குத்தான் கத்தியிருக்கு.

`DMY`னு மாத்தியாச்சுன்னா வேலை முடிஞ்சுது. நோட்ல "ஜாப் ஃபெயில் ஆனா அலர்ட் வர்ற மாதிரி செட் பண்றோம்"னு ஒரு வரி சேர்த்துடுங்க, போதும்.

குப்பம் மீனா | இரவு 7.15

ரஃபீக், காரணத்தைச் சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் அலர்ட் என்று சொன்னது இந்த இடத்தில் உதவாது. பன்னிரண்டு நாளும் ஜாப் ஃபெயில் ஆகவே இல்லை. ஆகாத தோல்விக்கு அலர்ட் எங்கிருந்து வரும்? ஃபெயில் ஆன 13-ஆம் தேதி அன்றைக்கே செல்வனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அலர்ட் ஏற்கெனவே இருந்தது, வேலையும் செய்தது.

செல்வன், உங்கள் குறிப்பில் இரண்டு வாக்கியம் என்னை உறுத்துகிறது. "கண்காணிப்புக் குறைபாட்டால்" என்பது காரணமே இல்லை, கேள்வியையே திருப்பிச் சொல்கிறீர்கள். எம்.டி. கேட்டது அந்தக் குறைபாடு எது என்பதைத்தான். அதைவிட ஆபத்தானது "தரவு முழுமையாக மீட்கப்பட்டது." அதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். லோட் ஆகும் ஸ்கிரிப்டில் ஒரே பதிவு இரண்டாம் தடவை வந்தால் என்ன செய்கிறது? ஜூன் 1 முதல் 12 வரை லாகில் எத்தனை வரி ஏறியதாக இருக்கிறது?

ஆனைமலை ராசு | இரவு 7.40

மேலதிகாரிக்கு விளக்கக் கடிதமா? "ஐயா, என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன், இம்முறை மன்னித்து" அப்படின்னு ஆரம்பிங்க தம்பி. எங்க மில்லுல மெமோ வந்தா அப்படித்தான் எழுதுவோம். பணிவா எழுதினா சம்பளத்துல கை வைக்க மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 8.05

ராசு அண்ணா, மெமோ இல்லைங்க. யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று எம்.டி. முதலிலேயே சொல்லிவிட்டார். நடந்தது என்ன என்றுதான் கேட்கிறார்.

மீனா அக்கா, லாகைப் பார்த்தேன். 11 மையத்துக்கும் சேர்த்து தினமும் 900 வரிக்குப் பக்கத்தில் ஏறியதாகத்தான் இருக்கிறது. ஃபைலில் எத்தனை வரியோ அத்தனையும் ஏறியிருக்கிறது, பன்னிரண்டு நாளும். ஸ்கிரிப்ட் கான்ட்ராக்டரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.

வேலந்தாவளம் ரஃபீக் | இரவு 8.11

அப்ப வரி எண்ணிக்கையைச் சரிபார்க்கிற செக் வச்சிருந்தாலும் பாஸ்தான் ஆயிருக்கும். நான் அடுத்து அதைத்தான் சொல்ல வந்தேன் 😅

குப்பம் மீனா | இரவு 8.30

ஆமாம். லாகில் முழு எண்ணிக்கை இருக்கிறது என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மையம், உறுப்பினர், தேதி, வேளை நான்கும் சேர்ந்ததுதான் உங்கள் சாவி என்று நினைக்கிறேன். காலைப் பாலுக்கு ஒரு வரி, மாலைப் பாலுக்கு ஒரு வரி. ஜூன் 2 பால் பிப்ரவரி 6 என்று போய் உட்காரப் பார்க்கிறது. அங்கே அதே உறுப்பினருக்கு நிஜமான பிப்ரவரி 6 வரி ஏற்கெனவே இருக்கிறது. `DO NOTHING` என்று எழுதியிருந்தால் புது வரியைத் தூக்கிப் போட்டுவிடும், அதை எண்ணிக்கையிலும் சேர்க்காது. அப்படியானால் ஜூன் 1 முதல் 5 வரை லாகில் எண்ணிக்கை விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. எனவே `DO UPDATE` ஆகத்தான் இருக்கும். பழைய வரியின் மேலேயே எழுதியிருக்கிறது.

அதாவது ஜூன் 1-ஆம் தேதிப் பால் ஜனவரி 6-ன் மேல், 2-ஆம் தேதிப் பால் பிப்ரவரி 6-ன் மேல், இப்படியே மே 6 வரை. ஜூன் 6 மட்டும் எப்படித் திருப்பினாலும் ஜூன் 6. 7-ஆம் தேதியிலிருந்து ஜூலை 6, ஆகஸ்ட் 6 என்று இன்னும் வராத நாட்களில் போய் உட்கார்ந்திருக்கும். 12-ஆம் தேதிப் பால் டிசம்பர் 6-இல் இருக்கும்.

கான்ட்ராக்டர் ஜூன் ஃபைல்களைச் சரியான தேதியில் மறுபடி ஏற்றினார், சரி. ஆனால் தவறான இடத்தில் உட்கார்ந்த வரிகளை எடுத்தாரா?

சித்தூர் வாசு | இரவு 9.02

இதே மாதிரி எங்களுக்கும் நடந்தது. மாம்பழக் கூழ் ஃபேக்டரி, சித்தூர் பக்கம். குளிர் அறையில் டெம்பரேச்சர் லாகர். சென்சார் ஒயர் எலி கடித்துப் போய்விட்டது, ஆனால் ஸ்கிரீனில் கடைசியாக வந்த எண்ணே நாள் கணக்கில் நின்றது. எல்லாரும் பார்த்து "நல்லா இருக்கே" என்று போய்க்கொண்டே இருந்தோம். கையில் தெர்மாமீட்டரோடு உள்ளே போன ஆள்தான் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் எண் பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் சிவப்பு காட்டும்படி செய்துவிட்டோம். உங்கள் டாஷ்போர்டிலும் அதைச் செய்யுங்கள்.

குப்பம் மீனா | இரவு 9.10

வாசு காரு, உங்கள் கதையில் எண் அசையாமல் நின்றது. செல்வன் கதையில் எண் அசைந்திருக்கிறது, குறைந்திருக்கிறது. குறைந்ததைப் பார்த்தும் ஏன் யாரும் கேட்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. செல்வன், டாஷ்போர்டில் அந்தப் பன்னிரண்டு நாள் என்ன தெரிந்தது?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 10.20

ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. அக்கா சொன்னதேதான்.

```sql
ON CONFLICT (centre, member, coll_date, shift)
DO UPDATE SET qty = EXCLUDED.qty,
              fat = EXCLUDED.fat,
              loaded_at = now();
```

டாஷ்போர்டில் மொத்தம் மட்டும்தான் தெரியும், மையவாரியாக இல்லை. ஜூன் 1-இல் 31,000-லிருந்து 26,700-க்கு இறங்கியிருக்கிறது. 5-ஆம் தேதி வரை அப்படியே. 6-ஆம் தேதி மறுபடி 31,000. 7-இலிருந்து திரும்ப 26,700.

பார்க்காமல் இல்லை, பார்த்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 3-ஆம் தேதி கொள்முதல் மேனேஜர் "கேரளா சைடு டவுன்" என்று போட்டிருக்கிறார். ஃபீல்டு ஆபீசர் ஒருவர் "மழை சார், பசு நனைஞ்சா கறவை குறையும்" என்று பதில் போட்டார். இந்த வருஷம் பருவமழை மே 24-லேயே கேரளத்தில் இறங்கிவிட்டதே, எல்லாரும் நம்பினார்கள். இன்னொருவர் "எதிர் கம்பெனி லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்குது" என்றார். 6-ஆம் தேதி ஏறினதும் கை தட்டுகிற எமோஜி. 7-ஆம் தேதி இறங்கியதற்கு "இன்னிக்கு பக்ரீத்" என்று ஒருவர். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

கணக்கர் பழனிச்சாமி | இரவு 10.50

நான் பால் சொசைட்டியில கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் தெரியாதுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பால் என்னவோ நிஜமா வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? டேங்கர்ல ஏறிச்சு, பிளான்ட்ல இறங்குச்சு. அங்க எடைமேடையில என்ன எடை போட்டாங்க?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 11.05

ஐயா, பிளான்ட் ரிஜிஸ்டர் தனி, நம் டேட்டாபேஸில் சேராது. அக்கவுண்ட்ஸ் மாதக் கடைசியில்தான் இரண்டையும் ஒப்பிடுவார்கள். நாளைக் காலை எடுத்துப் பார்க்கிறேன்.

கணக்கர் பழனிச்சாமி | 15 ஜூன், காலை 6.15

பாருங்க. மையத்துல லிட்டர், பிளான்ட்ல கிலோ. ஒரு லிட்டர் பால் கிட்டத்தட்ட 1.03 கிலோ. அதனால எப்பவுமே பிளான்ட் எண்ணு நூத்துக்கு மூணு கூடத்தான் காட்டும். வழியில கொஞ்சம் சிந்தும், கேன்ல ஒட்டும், அது போக மீதி. பழகினவங்க அந்த மூணைப் பார்த்துப் பார்த்து "கூடத்தான் இருக்கும்"னு விட்டுருவாங்க. ஆனா வழியில பால் குறையலாமே தவிர, ஊற முடியாதுங்க. மூணுக்கு மேல கூடினா எங்கயோ எழுதாம விட்டிருக்கு, இல்ல தண்ணி சேர்ந்திருக்கு. எங்க காலத்துல அதைத்தான் முதல்ல பார்ப்போம்.

கொழிஞ்சாம்பாறை செல்வன் | காலை 10.40

ஐயா, எடுத்துவிட்டேன். ஜூன் 2: பிளான்ட் எடை 31,900 கிலோ. டேட்டாபேஸில் மையக் கொள்முதல் 26,700 லிட்டர். வித்தியாசம் 5,200. நூற்றுக்கு 19-க்கு மேல். மே மாதம் முழுக்க இது மூன்றைத் தாண்டவே இல்லை. அதாவது ஜூன் 3 காலையில் இந்த இரண்டு எண்ணையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பால் ஊற்றுபவர்கள் ஏன் சொல்லவில்லை என்றும் விசாரித்தேன். அவர்கள் கையில் இருக்கும் சீட்டு மையத்து மெஷினிலேயே அடிப்பது. அதில் தேதி, லிட்டர், ஃபேட் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பட்டுவாடா 15 நாளுக்கு ஒரு முறை. 16-ஆம் தேதி பில் போட்ட பிறகுதான் அவர்களுக்குக் குறைவது தெரிந்திருக்கும்.

குப்பம் மீனா | காலை 11.30

பழனிச்சாமி ஐயா கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்பின் நடு முதுகெலும்பு. இப்போது எழுதலாம்.

அதற்கு முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT coll_date, count(*), sum(qty)
FROM milk_entry
WHERE loaded_at >= '2025-06-01'
  AND (coll_date < '2025-05-28'
       OR coll_date > loaded_at::date)
GROUP BY coll_date ORDER BY 1;
```

`loaded_at` மறு எழுத்திலும் மாறுகிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பிப்ரவரி 6-இல் எது நிஜ வரி, எது ஜூன் 2-இலிருந்து வந்த வரி என்று பிரிக்கவே முடியாது. இரண்டு நாளும் ஊற்றியவருக்கு மேலே எழுதியிருக்கும். பிப்ரவரியில் ஊற்றாமல் ஜூனில் ஊற்றியவருக்குப் புது வரி சேர்ந்திருக்கும். பிப்ரவரியில் மட்டும் ஊற்றியவருக்குப் பழைய வரி அப்படியே இருக்கும். அந்த நாளின் மொத்தம் ஏறக்குறைய நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

வராத தேதிகளை இன்றைக்கே கவனியுங்கள். ஜூலை 6-ஆம் தேதி ஒரு உறுப்பினர் பால் ஊற்றினால் நிஜ வரி அந்த வரியை மூடிவிடும். ஊற்றாவிட்டால் ஜூன் 7-இன் பால் அப்படியே அங்கே நிற்கும். ஊற்றாத பாலுக்கு ஜூலை பில்லில் பணம் போகும். இப்படி ஒவ்வொரு மாதமும் 6-ஆம் தேதி, டிசம்பர் வரை.

கொழிஞ்சாம்பாறை செல்வன் | மதியம் 1.15

ஓட்டினேன். பதினொரு தேதிகள் வந்தன. ஜனவரி 6 முதல் மே 6 வரை ஐந்து, ஜூலை 6 முதல் டிசம்பர் 6 வரை ஆறு. எல்லாம் சேர்த்து 47,300 லிட்டர் போல. கான்ட்ராக்டர் எதையும் எடுக்கவில்லை. அவரைக் கேட்டால் "ஜூன் டோட்டல் டேலி ஆச்சே சார்" என்கிறார்.

பழைய ஃபைல்களிலிருந்து மறுபடி ஏற்றலாம் என்று பார்த்தேன். ஃபைல்களை 90 நாள்தான் வைத்திருக்கிறோம். ஏப்ரல், மே இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 6 ஃபைல்கள் போய்விட்டன.

வேலந்தாவளம் ரஃபீக் | மதியம் 1.22

சர்வர் மாத்தினப்ப `pg_dump` எடுத்திருப்பாரே? மே 31 டம்ப் ஒண்ணு போதும். தனி டேட்டாபேஸ்ல ரீஸ்டோர் பண்ணி அந்த அஞ்சு தேதி வரிகளை மட்டும் எடுங்க. மேல அப்படியே ரீஸ்டோர் பண்ணிடாதீங்க, ஜூன் போயிடும்.

அப்புறம் ஒரு செக். ஃபைல் பேர்லயே தேதி இருக்குதானே? உள்ள இருக்கிற தேதி அந்தத் தேதியோட ஒத்துப்போகலைன்னா லோடை நிறுத்திடுங்க. இது முதல் நாளே பிடிச்சிருக்கும்.

குப்பம் மீனா | மதியம் 1.40

ரஃபீக், இரண்டும் சரி. ஃபைல் பெயர் செக்கில் ஒன்று மட்டும். மழைக்காலத்தில் நெட்வொர்க் இல்லாத மையம் இரண்டு நாள் பதிவைச் சேர்த்து அனுப்பும். கண்டிப்பாக ஒரே தேதி என்று வைத்தால் வாரத்துக்கு நான்கு பொய் அலாரம் அடிக்கும், அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று நாள் வரை பின்னால் இருக்கலாம், ஒரு நாள்கூட முன்னால் இருக்கக் கூடாது என்று வையுங்கள்.

தேதியை மாற்றும் இடத்தில் வெறும் `::date` வேண்டாம். பழைய மெஷினுக்கு `to_date(x, 'DD/MM/YYYY')` என்று எழுதிவிட்டால் சர்வர் செட்டிங் எப்படி இருந்தாலும் கவலையில்லை. `DMY` என்று மாற்றி வைத்தது இந்தச் சர்வருக்கு மட்டும்தான். அடுத்த தடவை யாராவது சர்வர் மாற்றினால் இதே கதை.

மதுக்கரை ஜான்சி | மதியம் 2.30

இடையில் ஒரு கேள்வி. சர்வர் மாற்றியவர் டெஸ்ட் செய்யாமலா விட்டார்? அவரைத்தானே எழுத வேண்டும் குறிப்பில்?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | மதியம் 2.45

டெஸ்ட் செய்திருக்கிறார் மேடம், அறிக்கையும் இருக்கிறது. இரண்டு சர்வரிலும் எல்லா டேபிளிலும் வரி எண்ணிக்கை, மாதவாரியாக லிட்டர் மொத்தம் ஒப்பிட்டிருக்கிறார். எல்லாம் ஒத்துப்போயிருக்கிறது.

குப்பம் மீனா | மதியம் 3.05

ஒத்துத்தான் போகும். உள்ளே இருக்கும் தேதி கெடவில்லை. வெளியே காட்டும்போது இரண்டு சர்வரும் 2025-02-06 என்று ஒரே மாதிரிதான் காட்டும், ஏனென்றால் இரண்டிலும் முதல் பாதி `ISO`. மாறியது உள்ளே வரும்போது படிக்கிற முறை மட்டும். இருக்கிற டேட்டாவை எத்தனை தடவை ஒப்பிட்டாலும் அது தெரியாது. பழைய மெஷின் ஃபைல் ஒன்றைப் புதுச் சர்வரில் ஏற்றிப் பார்த்திருந்தால்தான் தெரியும். அதிலும் 12-க்கு உட்பட்ட தேதி ஃபைலை எடுத்து, பிழை வராததை வைத்து "ஏறியது" என்று முடித்திருந்தால் தெரிந்திருக்காது.

ஆள் பெயரை எழுதுவதால் எம்.டி.க்கு எந்தத் தகவலும் கிடைக்காது. "ஒப்பீடு இருந்த டேட்டாவை மட்டும் பார்த்தது, புதிதாக வரும் ஃபைலைப் பார்க்கவில்லை" என்று எழுதினால் கிடைக்கும்.

மதுக்கரை ஜான்சி | மதியம் 3.20

அதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர். மறுபடி ஏற்றியபோதும் அரைகுறையாக விட்டிருக்கிறார், அதுவும் "முடிந்தது" என்று சொல்லி. அதைக்கூடச் சொல்லாமல் விடுவது நியாயமா? மீனா சொல்வது கம்பெனிக்குள் இருக்கும் ஆட்களுக்குப் பொருந்தும். வெளியாளுக்கு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு.

கணக்கர் பழனிச்சாமி | மாலை 4.00

அது தனிக் கடுதாசிங்க. இதுல கலக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 8.50

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"ஜூன் 1 முதல் 12 வரை, ஜூன் 6 தவிர, பழைய மெஷின் உள்ள 11 மையங்களின் பால் பதிவுகள் நாளும் மாதமும் இடம் மாறி வேறு தேதிகளில் சேர்ந்தன. நாள் எண் 12-க்குள் இருக்கும்வரை அது மாதமாகவும் படிக்கத்தக்கதாக இருந்ததால் கணினி பிழை காட்டவில்லை. 13-ஆம் தேதி படிக்க முடியாமல் நின்றது. அதனால்தான் அன்று தெரிய வந்தது. நம் சோதனை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

இடைப்பட்ட நாட்களில் இது நான்கு பேர் கண்ணில் படக்கூடிய இடத்தில் இருந்தது. லோட் லாகைப் பார்த்தவருக்கு வரி எண்ணிக்கை சரியாக இருந்தது, ஏனெனில் வரிகள் தொலையவில்லை, தேதிதான் மாறியது. டாஷ்போர்டைப் பார்த்தவருக்கு நூற்றுக்கு 14 குறைவு தெரிந்தது. ஆனால் டாஷ்போர்டு மொத்தத்தை மட்டும் காட்டியது. 11 மையங்கள் சுழியாகவும் மற்ற 53 மையங்கள் வழக்கம்போலவும் இருந்ததை அது காட்டவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் அந்தக் குறைவுக்கு இயல்பான விளக்கம் இருந்தது, அது சரிபார்க்கப்படவில்லை. உறுப்பினர்களின் சீட்டு சரியாக இருந்தது. பிளான்ட் எடைப் பதிவேட்டில் கொள்முதலைவிட நூற்றுக்கு 19-க்கு மேல் அதிகம் காட்டியது. வழக்கமான வித்தியாசம் 3. இந்த ஒப்பீடு மாதம் ஒருமுறை நடப்பதால் ஜூன் 30 வரை யாரும் பார்க்க வாய்ப்பில்லை.

ஜூன் 14 அன்று ஜூன் கணக்கு சரி செய்யப்பட்டது. ஆயினும் ஜனவரி முதல் மே வரை ஒவ்வொரு மாதத்தின் 6-ஆம் தேதிப் பதிவுகள் இந்த 11 மையங்களில் மாறியுள்ளன. ஜூலை முதல் டிசம்பர் வரை 6-ஆம் தேதிகளில் இல்லாத பால் பதிவாகியுள்ளது. பின்னவை இன்று நீக்கப்பட்டன. முன்னவை மே 31 நகலிலிருந்து மீட்கப்படுகின்றன. அந்தக் காலத்துப் பட்டுவாடா முன்பே முடிந்துவிட்டதால் அதில் மாற்றமில்லை. 16-ஆம் தேதி பில் இரண்டு எண்களும் ஒப்பிடப்பட்ட பிறகே வெளியிடப்படும்."

குப்பம் மீனா | இரவு 9.20

இப்போது எம்.டி.க்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு திருத்தம். "அது சரிபார்க்கப்படவில்லை" என்று செயப்பாட்டில் விடாதீர்கள். எப்படிச் சரிபார்த்திருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்: மையவாரியாகப் பார்த்திருந்தால் மழை எல்லா மையத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருக்கும், பதினொன்றை மட்டும் சுழியாக்கியிருக்காது. 6-ஆம் தேதி ஒரு நாள் மட்டும் பழையபடி ஏறியதையும் எழுதுங்கள். மழையோ எதிர் கம்பெனியோ ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் லீவு எடுக்காது. அந்த ஒரு நாளே விளக்கத்தை உடைத்திருக்க வேண்டும். பதிலாக எமோஜி வந்தது.

"நம் சோதனை எதுவும் கண்டுபிடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

வேலந்தாவளம் ரஃபீக் | இரவு 9.31

"இனி இவ்வாறு நிகழாது" போயிடுச்சு, நல்லது 👍 பதிலா என்ன செய்யப் போறீங்கன்னு போடலையே?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 9.45

தனிப் பக்கமாக மூன்று வேலை மட்டும் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஆள், தேதி. `to_date` மாற்றமும் ஃபைல் தேதிச் செக்கும் இந்த வாரம். டாஷ்போர்டில் சுழி காட்டும் மையங்கள் தனியே சிவப்பில், இந்த மாதத்துக்குள். பிளான்ட் எடையைத் தினமும் ஒப்பிடுவது அக்கவுண்ட்ஸ் கையில். லிட்டரைக் கிலோவாக்கி, வித்தியாசம் நூற்றுக்கு 2 தாண்டினால் போன் செய்ய வேண்டும் என்று எழுதினேன். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் "தினமும் முடியாது, வாரம் ஒரு தடவை" என்கிறார்.

கணக்கர் பழனிச்சாமி | இரவு 10.05

வாரம்னா ஏழு நாள் தப்பு ஏறிடும். 15 நாள் பில்லுக்கு அது பாதி. எண்ணு ரெண்டுதானே, டேங்கர் இறக்கற பையனே எழுதிடலாம். நூத்துக்கு 2-ங்கறது கொஞ்சம் இறுக்கம்னு படுது. ஃபேட் கூடின எருமைப் பால் வர்ற மையத்துல அடர்த்தி கொஞ்சம் மாறும், மெஷினும் கொஞ்சம் தள்ளிக் காட்டும். ஒரு மாசம் எழுதிப் பார்த்துட்டு எல்லையை வைங்க.

மதுக்கரை ஜான்சி | இரவு 10.12

வாட்ஸ்அப் பேச்சைக் குறிப்பில் இணைக்கப் போகிறீர்களா?

கொழிஞ்சாம்பாறை செல்வன் | இரவு 10.30

அதில்தான் இன்னும் முடிவு எடுக்கவில்லை மேடம். இணைத்தால் மழை என்று சொன்ன ஃபீல்டு ஆபீசர் பெயர் தெரியும். இணைக்காவிட்டால் "இயல்பான விளக்கம்" என்று நான் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. பெயர் இல்லாமல் 3-ஆம் தேதி, 6-ஆம் தேதி, 7-ஆம் தேதி என்ன சொல்லப்பட்டது என்று மட்டும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். கொள்முதல் மேனேஜர் அதுவும் வேண்டாம் என்கிறார்.

டம்ப் ரீஸ்டோர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜனவரி 6 வந்துவிட்டது, 11 மையமும் பழைய பில்லோடு ஒத்துப்போகிறது. வருஷ போனஸ் கணக்கு இந்த டேபிளிலிருந்துதான் போடுவார்கள், அதனால் மீதி நான்கையும் பில்லோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

குப்பம் மீனா | இரவு 10.41

மார்ச் 6-இல் பில்லோடு ஒத்துப்போகாமல் ஏதாவது வந்தால் இங்கே போடுங்கள். மே 31-க்கு முன்னாலும் யாராவது கையால் திருத்தியிருந்தால் டம்பிலும் அதுதான் இருக்கும்.